ஏழு மணிக்கு உறையும் முகம்

கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகும் பக்கத்தில் என் பெரியப்பாவின் வீடு இருக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததும் அவர் நான்கு கேமராக்கள் வாங்கி மாட்டினார். வாசல் கேட்டுக்கு ஒன்று, கார் நிற்கும் போர்டிகோவுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, கொல்லைப்புறத்து வேப்பமரத்தைப் பார்த்தபடி ஒன்று. நான்கும் இரவு பகலாகப் பதிவு செய்து கிளவுடுக்கு அனுப்புபவை. சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகள்தான் சந்தாவைக் கட்டினாள்.

எட்டாவது நாள் நான் அங்கே போயிருந்தேன். பெரியப்பாவுக்கு ஒரே குறை. "நூறு எம்பி நெட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க தம்பி. பகல்ல யூடியூப் நல்லா ஓடுது. சாயந்திரம் பாப்பாகிட்ட வீடியோல பேச உக்காந்தா மூஞ்சி அப்படியே நின்னுடுது. நம்ம பேசறது அவளுக்குக் கேக்க மாட்டேங்குது." தினமும் ஏழு மணிக்குப் பேத்தியுடன் பேசுவது அந்த வீட்டின் வழக்கம். சிங்கப்பூரில் அப்போது இரவு ஒன்பதரை. குழந்தை தூங்கப் போகும் நேரம் என்பதால் அழைப்பைத் தள்ளிப்போடவும் முடியாது.

வேகத்தைச் சோதித்துப் பார்த்தோம். பதிவிறக்கம் 94 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 9 எம்பிபிஎஸ். சோதனையின்போது கேமராக்களின் மின் இணைப்பை எடுத்திருந்தோம். இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை. சிக்கல் அந்த இரண்டாவது எண்ணில் இருந்தது. நெட் வாங்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

வீட்டு இணையத்தில் நாம் செய்யும் வேலைகள் பெரும்பாலும் உள்ளே கொண்டுவரும் வேலைகள். படம் பார்ப்பது, செய்தி படிப்பது, செயலிகளைப் புதுப்பிப்பது எல்லாம் பதிவிறக்கம்தான். அதனால் இணைப்பை வடிவமைத்தவர்களும் உள்ளே வரும் வழியை அகலமாகவும் வெளியே போகும் வழியைக் குறுகலாகவும் வைத்தார்கள். பழைய தொலைபேசிக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல் இணைப்பில், வெளியே அனுப்ப ஏறக்குறைய 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டுமே ஒதுக்கப்பட்டது. உள்ளே வருவதற்கு 138 முதல் 1104 வரை கிடைத்தது. அமெரிக்காவில் கேபிள் டிவி கம்பியில் வரும் இணையத்தில் வெளியே போகும் பங்கு வெகுகாலம் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. அதற்கு மேல் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அளவு வரை உள்ளே வருவதற்கு. ஒருபக்கமாக டிவி படம் அனுப்பக் கட்டிய அமைப்பு அல்லவா அது!

பெரியப்பாவின் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. மொட்டை மாடியில் ஒரு பெட்டி 5ஜி கோபுரத்தோடு பேசுகிறது. இங்கே குறுகலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. கோபுரமும் பெட்டியும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. பரவலாக உள்ள ஏற்பாட்டில் நேரத்தை ஐந்து துண்டுகளாகப் பிரித்து, மூன்றைக் கோபுரம் எடுத்துக்கொள்ளும். ஒன்று இரண்டுக்கும் இடையிலான மாறுதலுக்குப் போய்விடும். மிஞ்சும் ஒன்றில்தான் அந்தக் கோபுரத்தின் கீழுள்ள எல்லா வீடுகளும் எல்லாக் கைப்பேசிகளும் தம் பங்கை அனுப்ப வேண்டும். இரண்டாவது காரணம் சக்தி. கோபுரம் பல பத்து வாட், சில இடங்களில் நூறு வாட்டுக்கும் மேல் செலவிட்டுக் கத்தலாம். மாடியில் உள்ள பெட்டிக்கு அரை வாட்கூட அனுமதி இல்லை. அதன் மெல்லிய குரலைக் கோபுரம் பிழையில்லாமல் கேட்க வேண்டுமென்றால் அது நிதானமாகத்தான் பேச முடியும்.

இந்தக் குறுகலான வழியில் கேமரா எதை அனுப்புகிறது என்று பார்ப்போம்.

பெரியப்பா வாங்கியவை 2கே கேமராக்கள். ஒரு படத்தில் 2560க்கு 1440 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். சுருக்காமல் அப்படியே அனுப்பினால் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 1100 மெகாபிட் வேண்டும். அதை 2 மெகாபிட்டுக்குள் அடக்கிவிடுகிறது கேமராவின் உள்ளே இருக்கும் சிறு சில்லு. ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே! அது கையாளும் உத்தி எளிது. இரண்டு நொடிக்கு ஒருமுறை முழுப் படத்தை அனுப்பும். இடையில் வரும் படங்களில், முந்தைய படத்திலிருந்து என்ன மாறியதோ அதை மட்டும் சொல்லும். சுவர் அப்படியே இருக்கிறது, கதவு அப்படியே இருக்கிறது, பூனை மட்டும் நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது. இவ்வளவுதான் செய்தி.

அதனால் கேமரா அனுப்பும் அளவு, அது எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே பெட்டியில் வந்த நான்கு கேமராக்கள் நான்கு விதமாகச் சாப்பிடுவதை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பார்த்தோம். ஆள் நடமாட்டம் குறைந்த கூடம் 0.8 எம்பிபிஎஸ், போர்டிகோ 1.5, சாலையைப் பார்க்கும் வாசல் 2. கொல்லைப்புறம் மட்டும் 3. அங்கே திருடனும் இல்லை, ஆளும் இல்லை. வேப்பமரம் இருந்தது. காற்றில் ஆடும் ஆயிரக்கணக்கான இலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் அசைகின்றன. "முந்தைய படத்தைப் போலவே" என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இருட்டினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கருப்பு வெள்ளைக்கு மாறுகிறது. கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டுவதால் படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரியும். இந்த இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் புதிதாகப் பிறக்கிறது. முந்தைய படத்தைக் கொண்டு அடுத்ததைக் கணிக்க வழியில்லை. சுருக்கும் சில்லுக்கோ அது உண்மையான அசைவா, வெறும் இரைச்சலா என்று தெரியாது. எல்லாவற்றையும் அசைவாகவே எண்ணி அனுப்புகிறது. போதாததற்கு, கேமராவுக்கு அருகே பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரு விரற்கடை தூரத்தில் கட்டிய வலை, இரவில் வெள்ளைக் கயிறுபோல ஒளிர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும். பெரியப்பா வீட்டுக் கொல்லைக் கேமராவில் இது அத்தனையும் இருந்தது. ஆறரை மணிக்கு மேல் அது மட்டும் 4 எம்பிபிஎஸ் எடுத்தது. வாசல் 2.5, போர்டிகோ 2, கூடம் 0.8. கூட்டினால் 9.3.

வெளியே போகும் வழியின் மொத்த அகலம் 9. வீடியோ அழைப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

வரவு வழியைவிடக் கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? கொஞ்சம்தானே என்று தோன்றும். இங்கேதான் இந்த விஷயத்தின் நுணுக்கம் இருக்கிறது. மிஞ்சிய தரவை ரவுட்டரோ மாடிப் பெட்டியோ உடனே தூக்கி எறிவதில்லை. வரிசையில் நிறுத்தி வைக்கிறது. வரிசைக்கு என்று நினைவகத்தில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்றால் 8 மெகாபிட். நொடிக்கு 9 மெகாபிட் வெளியேறும் வழியில் அது காலியாக ஏறக்குறைய 0.9 நொடி ஆகும். வரிசை நிரம்பிவிட்டால், அதன் வாலில் வந்து சேரும் எதுவும் 0.9 நொடி காத்திருந்தே ஆக வேண்டும். பெரியப்பாவின் குரலைச் சுமந்த சின்னஞ்சிறு தரவுப் பொட்டலமும் அங்கேதான் நிற்க வேண்டும், வேப்பிலைகளின் படத்துக்குப் பின்னால்.

பதிவிறக்கமும் ஏன் தடுமாறுகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஒரு வலைப்பக்கம் வரும்போது, "இதுவரை வந்தது கிடைத்தது, அடுத்ததை அனுப்பு" என்று நம் வீட்டிலிருந்து சிறு ஒப்புகைகள் போய்க்கொண்டே இருக்கும். அவையும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. ஒப்புகை தாமதமானால் அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். 94 எம்பிபிஎஸ் வழி காலியாக இருந்தும் பக்கம் திறக்காது.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். இணையத்தின் எச்டிடிபி விதிமுறையை எழுதியவர்களில் ஒருவர். 2010ஆம் ஆண்டு வாக்கில் தன் வீட்டிலிருந்து கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் இணையம் செத்துப்போவதைக் கவனித்து, அளந்து பார்த்தார். சில மில்லிநொடியில் திரும்ப வேண்டிய பதில் ஒரு நொடிக்கு மேல் எடுத்தது. கருவிகளில் நினைவகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வரிசை இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கி வைத்திருந்ததுதான் காரணம். அதை அவர் பஃபர்புளோட் என்றார், வரிசை வீக்கம் என்று தமிழில் சொல்லலாம். பொட்டலம் தொலைந்தால்தான் அனுப்புபவருக்கு நெரிசல் தெரியவரும். வரிசை பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, தாமதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறதா என்று அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து இதை அடித்தால் போதும்:

```
ping -t 8.8.8.8
```

ஒவ்வொரு நொடியும் ஒரு சிறு கேள்வி போய்ப் பதிலோடு திரும்பும். எவ்வளவு மில்லிநொடி ஆனது என்று காட்டும். மாலை ஆறு மணிக்குப் பெரியப்பா வீட்டில் 40க்கும் 150க்கும் இடையில் எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கேமராக்களின் விளக்கு மாறியதும் 600, 800, 940 என்று ஏறின. இடையிடையே பதிலே வரவில்லை. கொல்லைக் கேமராவின் மின் இணைப்பைப் பிடுங்கினேன். பத்து நொடிக்குள் 60க்கு வந்தது. மறுபடி செருகினேன், மறுபடி ஏறியது. "அட, இதுவா?" என்றார் பெரியப்பா. இப்படி ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சோதனை செய்யும் கணினி ரவுட்டரோடு கம்பியால் இணைந்திருந்தால் நல்லது. வைஃபையில் நெரிசல் இருந்தாலும் எண்கள் துள்ளும், அது வேறு நோய்.

ஆறு மணிக்குக் கூட்டுத்தொகை 7.3 தானே, வழி 9 ஆயிற்றே, அப்போதும் ஏன் 150 வரை துள்ளியது? சராசரி நம்மை ஏமாற்றும் இடம் இது. இரண்டு நொடிக்கு ஒருமுறை வரும் முழுப் படம் ஒரு 2கே கேமராவில் 200 கிலோபைட் அளவு இருக்கலாம். அந்த ஒரே படம் 9 எம்பிபிஎஸ் வழியில் வெளியேற 0.18 நொடி பிடிக்கும். அந்த நேரத்தில் வருபவை பின்னால் காத்திருக்கும். நான்கு கேமராக்களின் முழுப் படங்களும் தற்செயலாக ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் 0.7 நொடி வழி அடைபடும். அதனால் கேமராக்களின் சராசரிக் கூட்டுத்தொகை, பதிவேற்ற வேகத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் கணக்கு.

மாதக் கணக்கும் ஒன்று உண்டு. ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஓயாமல் அனுப்பினால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். பெரியப்பாவின் நான்கு கேமராக்கள் சராசரியாக 8 எம்பிபிஎஸ், அதாவது நாளைக்கு 86 ஜிபி. அவருடைய திட்டத்தில் மாதம் 1000 ஜிபிக்குப் பிறகு வேகம் சுருங்கிவிடும். கேமரா மாட்டி எட்டு நாளில் 690 ஜிபி போயிருந்தது. இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் பகல் யூடியூபும் நின்றிருக்கும்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். பலரும் முதலில் படத்தின் தரத்தைக் குறைக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் கேட்க வேண்டியது, ஓயாத பதிவு எங்கே இருக்க வேண்டும் என்பதுதான்.

கிளவுடில் ஓயாமல் பதிவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பதிவுப் பெட்டி வீட்டுக்குள் இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். 2009இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிராப்கேம் நிறுவனம் பெட்டியே இல்லாத கேமராவை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. கேமராவைச் செருகினால் போதும், பதிவு கிளவுடில் சேரும். நெஸ்ட் நிறுவனம் 2014இல் அதை வாங்கியது. அந்த வசதிக்கு வீட்டின் பதிவேற்றம் விலையாகப் போகிறது. அந்த விலையை நான்கு கேமராக்களுக்கும் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

செயலியில் பதிவு முறை என்ற இடத்தில் பெரும்பாலும் "Continuous" என்றும் "Event" அல்லது "Motion" என்றும் இரண்டு தேர்வுகள் இருக்கும். கிளவுடுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, ஓயாத பதிவைக் கேமராவுக்குள் செருகும் மெமரி கார்டுக்கு மாற்றினோம். 128 ஜிபி கார்டில், 2 எம்பிபிஎஸ் கேமரா ஏறக்குறைய ஆறு நாள் பதிவை வைத்திருக்கும், பிறகு பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஓயாமல் எழுதுவதால் சாதாரணக் கார்டு சீக்கிரம் கெட்டுவிடும். கண்காணிப்புக் கேமராவுக்கென்று நீடித்து உழைக்கும்படி செய்த கார்டுகள் தனியாக விற்கின்றன, அதையே வாங்க வேண்டும். அசைவு தெரிந்தால் மட்டும் 20 நொடித் துண்டு ஒன்று கிளவுடுக்குப் போகும். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் அது 5 எம்பி. ஒரு நாளில் நூறு துண்டுகள் போனாலும் அரை ஜிபிதான். ஓயாமல் அனுப்பினால் அதே கேமரா 21.6 ஜிபி அனுப்பியிருக்கும்.

கூடமும் போர்டிகோவும் உடனே அடங்கின. வாசல் கேமராவைப் பற்றிப் பெரியப்பா யோசித்தார். "அதை எவனாவது கழட்டிட்டுப் போனா கார்டும் போயிடுமே?" நியாயமான கேள்வி. கை எட்டும் உயரத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் கிளவுடுக்கு ஓயாமல் அனுப்பவே விட்டோம், ஆனால் அளவைக் கட்டிப்போட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொல்லைக் கேமரா அடங்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால் இரவு முழுக்கத் துண்டு துண்டாக அனுப்பியிருந்தது. ஒரு துண்டு முடிவதற்குள் அடுத்தது தொடங்கியிருந்தது. பெயருக்குத்தான் அசைவுப் பதிவு, நடந்தது ஓயாத பதிவு. படத்தின் புள்ளிகள் மாறுவதை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் கேமராவுக்கு மரமும் மனிதனும் ஒன்றுதான். இந்த முறைக்கு மாறியும் பயனில்லை என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். துண்டுகளின் பட்டியலைத் திறந்து, எதைப் பார்த்து அது பதிவு செய்தது என்று பத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஐந்து காரியம் செய்தோம். ஒரு துணியைக் குச்சியில் கட்டி வலையைத் துடைத்தோம். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து, மரத்தின் கிளைகள் படத்தின் மேல் விளிம்போடு நிற்கும்படி திருப்பினோம். "Activity Zone" என்ற அமைப்பில், மதில் சுவரை ஒட்டிய நடைபாதையையும் பின்கதவையும் மட்டும் விரலால் வரைந்து, மீதியை விலக்கினோம். மனிதரை மட்டும் கவனிக்கும் தேர்வு அந்தக் கேமராவில் இருந்தது, அதையும் போட்டோம். கடைசியில், கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, கொல்லையில் ஏற்கெனவே தொங்கிய எல்இடி பல்பை இரவு எரியவிட்டோம். உண்மையான வெளிச்சம் கிடைத்ததும் இரைச்சல் குறைந்தது, பூச்சிகள் லென்ஸை விட்டுப் பல்புக்குப் போயின. அடுத்த இரவில் பதினொரு துண்டுகள்தான். அதில் நாலைந்து, பெரியம்மா தண்ணீர் மோட்டார் போடப் போனது.

இப்போது தரத்துக்கு வருவோம். எல்லாக் கேமராவையும் ஒரே மாதிரி குறைப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். எந்தக் கேமராவில் எவ்வளவு புள்ளிகள் தேவை என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கண்காணிப்பு வீடியோவுக்கான ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, அறியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்றது. ஏற்கெனவே தெரிந்த ஆளா என்று சொல்ல 125 போதும். ஆள் இருக்கிறாரா என்று மட்டும் தெரிய 25.

வாசல் கேமரா கேட்டுக்கு அருகில் 4 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. 2560 புள்ளிகளை 4 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 640. தேவைக்கு இரண்டரை மடங்கு! 1280க்கு 720 ஆகக் குறைத்தாலும் 320 கிடைக்கிறது. கொல்லைக் கேமராவோ 15 மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. 2560 இருந்தும் மீட்டருக்கு 170தான். அதைக் குறைத்தால் 85 ஆகி, வந்தவர் யாரென்றே சொல்ல முடியாமல் போகும். முக்கியமான இடம் வாசல், ஆகவே அதற்கு உயர்ந்த தரம் என்று மனம் சொல்லும். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. பக்கத்தில் பார்க்கும் கேமராவைக் குறைக்கலாம், தூரத்தைப் பார்ப்பதைத் தொடக் கூடாது.

வாசல் கேமராவை 720க்கு இறக்கினோம். நொடிக்கு 25 படங்களை 15 ஆக்கினோம். நடந்து வரும் மனிதருக்குப் பதினைந்து போதும். ஆனால் படங்களின் எண்ணிக்கையை நாற்பது சதவீதம் குறைத்தால் அளவும் நாற்பது சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு படங்களுக்கு நடுவில் இப்போது அதிக நேரம் கடப்பதால், ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டிய மாற்றமும் கூடுகிறது. குறைவது அதைவிடக் கம்மிதான். எச்.264 என்ற சுருக்கு முறைக்குப் பதில் எச்.265 தேர்வு இருந்தது. 2013இல் வந்த இது, ஏறக்குறைய அதே தெளிவைப் பாதி அளவு வரைக்கும் குறைத்துத் தரக்கூடியது. பழைய கைப்பேசிகளில் திறக்காமல் போகலாம் என்பதால் பெரியம்மாவின் கைப்பேசியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். ஓடியது.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான பிடி "Max Bitrate" என்ற எண். மற்ற அமைப்புகள் சராசரியைக் குறைக்கும். மழை அடித்தாலும் ஊர்வலம் போனாலும் இதற்கு மேல் அனுப்பாதே என்று கேமராவுக்குச் சொல்வது இது ஒன்றுதான். வாசலுக்கு 1024 கேபிபிஎஸ் என்று வைத்தோம், அதாவது ஒரு மெகாபிட். இந்த எண்ணை அளவுக்கு மீறி இறக்கினால் இரவில் அசையும் முகம் மெழுகுபோல வழிந்து தெரியும். அதனால் வைத்துவிட்டு, இருட்டிய பிறகு கேட் வழியே நடந்து பார்த்து, பதிவைத் திறந்து முகம் தெரிகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பெரியப்பாவே சட்டையைப் போட்டுக்கொண்டு மூன்று முறை நடந்தார். தெளிவாகவே தெரிந்தார்.

"I Frame Interval" என்றும் ஓர் எண் இருந்தது. எத்தனை படங்களுக்கு ஒருமுறை முழுப் படம் என்பதைச் சொல்வது. முன்பு 50, அதாவது 25 படக் கணக்கில் இரண்டு நொடிக்கு ஒன்று. இப்போது 60 ஆக்கினோம், 15 படக் கணக்கில் நான்கு நொடிக்கு ஒன்று. வழியை அடைக்கும் பெரிய படங்கள் பாதியாகின. இதற்கு விலை, நேரலையைத் திறக்கும்போது படம் தோன்றச் சில நொடி கூடுதலாகக் காத்திருப்பது. செயலி மட்டுமே உள்ள பல கேமராக்களில் இந்த நுண்ணிய எண்கள் கண்ணில் படாது. தரம் உயர்வு, நடுத்தரம், குறைவு என்று மூன்றே தேர்வுகள் இருக்கும். அப்படிப்பட்டவற்றில் ஒவ்வொன்றாக மாற்றி, ரவுட்டரின் பக்கத்தில் அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மதிய நேரங்களில் கூடத்துக் கேமரா 0.8 எம்பிபிஎஸ் அனுப்பிக்கொண்டே இருந்தது. பதிவுப் பட்டியலிலோ துண்டுகள் இல்லை. சிங்கப்பூரில் மகளிடம் கேட்டேன். "சமையக்கட்டுல டேப்ல அம்மா வீட்டுக் கூடத்த ஓடவிட்டிருப்பேன்ணா. அம்மா அங்க இங்க நடமாடறது தெரிஞ்சா எனக்கு ஒரு நிம்மதி." அவளிடம் அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை. பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு அளவில் உருவாக்குகின்றன. கார்டில் பதியப் பெரியது, நேரலைக்குச் சிறியது. சிறியதை "Sub Stream" என்றோ செயலியில் "SD" என்றோ குறித்திருப்பார்கள். அவளுடைய டேப்பில் அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். 640 புள்ளி அகலப் படத்தில் அம்மா நடமாடுவது நன்றாகவே தெரியும். கூடத்தின் அனுப்பல் 0.3க்கு வந்தது.

கேமராவில் எதையும் மாற்ற முடியாத வீடுகளில், வரிசையை மேய்ப்பது ஒரு வழி. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பொட்டலம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்த்து, தாமதம் நீடித்தால் சிலவற்றை வேண்டுமென்றே கைவிடும். அதைக் கண்டதும் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். அதன் வழியில் வந்த கேக் என்ற முறை, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனி வரிசை தந்து, அழைப்பின் சிறு பொட்டலங்களை முன்னால் போகவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டரில் tc கருவியும் கேக் தொகுதியும் நிறுவியிருந்து, வெளியே போகும் இணைப்பின் பெயர் eth1 என்றால், ஒரே வரி:

```
tc qdisc replace dev eth1 root cake bandwidth 8mbit
```

அளந்த 9க்குப் பதில் 8 என்று கொடுத்திருப்பது, வரிசை மாடிப் பெட்டிக்குள் உருவாகாமல் நம் கைக்குள்ளேயே உருவாகட்டும் என்பதற்காக. ஃபைபரிலும் கேபிளிலும் இது அருமையாக வேலை செய்யும். 5ஜி பெட்டியில் பதிவேற்ற வேகம் மணிக்கு மணி மாறும். மாலையில் கோபுரத்தின் கீழ் கூட்டம் சேர்ந்து 9 என்பது 6 ஆகிவிட்டால், 8 என்று வைத்த வரம்புக்குப் பொருளில்லை. பெரியப்பா வீட்டில் இதை நாங்கள் போடவில்லை. கேமராக்கள் அடங்கிய பிறகு போட வேண்டிய தேவையும் வரவில்லை.

எல்லாம் மாற்றி முடித்த அன்று ஏழு மணிக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது வாசல் கேமராவின் ஒரு மெகாபிட், கூடத்தின் 0.3, அழைப்பின் ஒன்றரை. பிங் 40க்கும் 70க்கும் இடையில் நின்றது. பேத்தி தன் விழுந்த பல்லைக் காட்டினாள். பெரியப்பா சொன்னது அவளுக்குச் சொன்ன மாத்திரத்தில் கேட்டு அவள் சிரித்தாள்.

ஐப்பசியில் அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. மூன்று நாளாக அடைமழை, கொல்லைக் கேமரா மறுபடி இருபது நொடிக்கு ஒரு துண்டு அனுப்புகிறதாம். மழைத்தாரை மனிதனைப்போல இருக்காதே, மனிதரை மட்டும் கவனிக்கும் தேர்வு போட்டிருந்தோமே என்றேன். "செயலியப் புதுசாக்கினேன் தம்பி, அதுல அந்தத் தேர்வு போயிடுச்சுபோல. நானே பாத்துத் திரும்பப் போட்டுட்டேன். இப்ப பிங்கு அம்பதுல நிக்குது."